"சிஸ்டர், ஒரு சைபர் சேர்த்துப் போட்டுட்டேன்": புதிதாகக் கல்லாவில் உட்காருகிறவர்களுக்கு

அடுத்த வாரம் எங்கள் கடைக்கு இரண்டு பெண்கள் புதிதாக பில் கவுண்டருக்கு வருகிறார்கள். "நீயே ஏதாவது எழுதிக் குடு தாயி, நான் சொன்னா பயந்துக்குவாளுக" என்றார் அண்ணாச்சி. பெரம்பூர் பக்கம் நடுத்தரமான மளிகைக் கடை, இரண்டு கவுண்டர். பணம் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது, தொகை தப்பாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கல்லாப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நான் கொடுத்த விலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் 3,860 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து சரியாக ஐந்து வாரம். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு கிடைத்த முதல் வேலை, சம்பளம் 13,000. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. என்னுடையது இரண்டாவது கவுண்டர். எங்கள் கடையில் இரண்டு கவுண்டருக்கும் ஒரே கணக்கு. அதே க்யூஆர் ஸ்டிக்கர் இரண்டு ஸ்டாண்டிலும் ஒட்டியிருக்கும். பணம் வந்தால் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் ஒன்றே ஒன்று, அது முதல் கவுண்டரில். இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு என்று அன்றைக்கு வரை எனக்குத் தோன்றவே இல்லை.

முப்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், கையில் ஹெல்மெட். பில் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: பச்சரிசி ஒரு கிலோ 68, வெல்லம் அரைக் கிலோ 40, பாசிப்பருப்பு கால் கிலோ 35, முந்திரி நூறு கிராம் 105, சின்ன நெய் பாட்டில் 138. மொத்தம் 386. ஸ்கேன் செய்தார், விரலால் தட்டினார், அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், ஒரு சைபர் சேர்த்துப் போட்டுட்டேன், பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை டிக், எங்கள் கடைப் பெயர், 3,860 ரூபாய். அதே நொடியில் பக்கத்து கவுண்டர் பாக்ஸ் என்னமோ சொன்னது. கூட்டத்தின் சத்தத்தில் வால் பகுதி மட்டும் காதில் விழுந்தது: "...எண்பத்தாறு ரூபாய் பெறப்பட்டது." சரி, வந்துவிட்டது என்று மனம் முடிவு செய்துவிட்டது.

"அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க சிஸ்டர், வண்டி வெளிய நிக்குது, மீதியை கேஷா குடுத்துடுங்களேன்" என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 3,860-ல் 386 போக 3,474. எண்ணிக் கொடுத்தேன். கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்கு உதவினோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் இப்போது நினைத்தாலும் எரிகிறது.

இரவு பத்தரைக்குக் கணக்கு முடித்தபோது கல்லாவில் 3,474 ரூபாய் குறைந்தது. நான் பதறவில்லை. "அண்ணாச்சி, அது கேஷா திருப்பிக் குடுத்தது, ஆப்ல அதே அளவு கூட வந்திருக்கும்" என்றேன். அவர் கடை ஆப்பைத் திறந்து அன்றைய வரவைப் பார்த்தார். கூடுதலாக ஒன்றும் இல்லை. அதிலும் 386 குறைந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலை மேலும் கீழும் மூன்று தடவை தள்ளிப் பார்த்தேன். 3,860 என்று ஒரு வரவு எங்குமே இல்லை. அந்த நிமிடத்தில் இருந்ததோ 186 ரூபாய், பக்கத்து கவுண்டர் அக்காவின் வாடிக்கையாளர் போட்டது.

இந்தக் கணக்கைப் புதியவர்கள் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பொருளை 386-க்கு ஆன்லைன் பில்லாகப் போட்டேன், அது வரவில்லை, எனவே ஆப்பில் 386 பள்ளம். கையிலிருந்து 3,474 போனது, கல்லாவில் அவ்வளவு பள்ளம். இரண்டையும் கூட்டினால் 3,860, அவர் போனில் காட்டிய அதே தொகை. அவர் உண்மையிலேயே தப்பாகப் போட்டிருந்தால் கல்லாவில் 3,474 குறையும், ஆப்பில் அதே 3,474 கூடும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இரவில் பணம் குறைந்தால் முதலில் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் அதே அளவு கூடியிருந்தால் யாரோ பில் வகையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், பணம் எங்கும் போகவில்லை. இரண்டு பக்கமும் குறைந்தால் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

கேமராவில் அவர் முகம் மாஸ்க்கோடு தெரிந்தது. பொங்கல் நேரத்தில் கடையை விட்டு ஸ்டேஷனுக்கு அலைய அண்ணாச்சிக்கு மனமில்லை. சம்பளத்தில் முதல் மாதம் 2,000, அடுத்த மாதம் 1,860 பிடித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வீட்டில் ஒரு மாதம் சொல்லவே இல்லை. பையனுக்குப் பொங்கல் சட்டை எடுக்காததற்குத்தான் ஏதேதோ காரணம் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த பாக்ஸ் சொன்னதை யோசித்துப் பாருங்கள். 3,860 வந்திருந்தால் அது "மூவாயிரத்து எண்ணூற்று அறுபது" என்று சொல்லியிருக்க வேண்டும். அதில் எண்பத்தாறு என்ற சொல்லே வராது. என் மண்டையில் 386 ஓடிக்கொண்டிருந்ததால், யாருடையதோ நூற்று எண்பத்தாறின் வால் எனக்குப் பொருத்தமாகக் கேட்டது. இதனால்தான் தாளின் முதல் வரியை இப்படி எழுதினேன்: பாக்ஸ் சொல்வது கடைக்கு ஏதோ பணம் வந்தது என்பதற்கு மட்டும் சாட்சி, உன் எதிரில் நிற்பவர் போட்டார் என்பதற்கு அல்ல. பாக்ஸ் சும்மா இருந்தால் பணம் வரவில்லை என்றும் அர்த்தமில்லை. அதற்குள் தனி சிம் இருக்கிறது, சிக்னல் போனாலோ சார்ஜ் இறங்கினாலோ பணம் வந்தும் வாய் திறக்காது. எங்களுடையது மழை நாளில் இரண்டு மூன்று நிமிடம் கழித்து மொத்தமாக நான்கு வரவைச் சேர்த்துச் சொல்லும்.

வாடிக்கையாளர் போனில் தெரியும் பச்சை டிக்குக்கோ எந்த மதிப்பும் இல்லை. நிஜ ஆப்பின் திரையை அச்சு அசலாகக் காட்டும் போலி ஆப்கள் உண்டு. கடைப் பெயர், நாம் சொல்லும் தொகை, டிக், 'டிங்' என்ற சத்தம், எல்லாம் வரும், பணம் மட்டும் நகராது. எங்கள் கடைப் பெயர் எப்படி வந்தது என்று அன்றைக்கு ரொம்ப நேரம் குழம்பினேன். அது ரகசியமே இல்லை, க்யூஆர் கோடுக்குள்ளேயே பெயர் எழுதியிருக்கிறது. எந்தக் கேமராவைக் காட்டினாலும் படித்துக்கொள்ளும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கடை ஆப்பில் வரும் வரவுப் பட்டியலை. வாடிக்கையாளர் போனை வேண்டாம், பாக்ஸை மட்டும் நம்ப வேண்டாம், பேங்க் மெசேஜையும் நம்ப வேண்டாம். பேங்க் மெசேஜ் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். எங்களைப் போன்ற வியாபாரக் கணக்கில் அன்றன்றைய வரவு ஆப் கம்பெனி வழியாகச் சேர்ந்து, மொத்தமாக ஒரே தொகையாகத்தான் பேங்குக்குப் போகிறது. தனித்தனி பில்லை அங்கே தேடினால் கிடைக்காது. "உங்க கணக்குல 386 வரவு" என்று யாரோ ஒரு சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து மெசேஜ் வந்தால் அது பேங்க் அனுப்பியதே அல்ல.

பட்டியலை விரலால் கீழே இழுத்துப் புதுப்பித்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: தொகை, நேரம், அனுப்பியவர் பெயர். நிமிடம் ஒத்துப்போக வேண்டும். நெரிசலில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று ஒரே தொகை இரண்டு பேருக்கு வரும்போது பெயரும் போதாது. மனைவி போனில் கணவர் போடுவார், மகள் கணக்கில் அம்மா போடுவார். அப்போது அந்தப் பன்னிரண்டு இலக்க எண்தான் கதி. பணம் போன விவரத்தைத் தொட்டால் அவர்கள் போனில் `UTR` அல்லது `UPI transaction ID` என்று ஒரு பன்னிரண்டு இலக்க எண் தெரியும். கடைசி நான்கு இலக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், உங்கள் பட்டியலில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வேறொரு எண்ணும் அதே திரையில் இருக்கும். அது அந்த ஆப்பின் சொந்த எண், நமக்கு உதவாது. இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது பன்னிரண்டு இலக்க எண் மட்டும்தான். நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னாலே சிலர் "விடுங்க, கேஷ் தரேன்" என்று சொல்லிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இதற்குத் தேவை, கல்லாவில் இருப்பவர் கையில் அந்தப் பட்டியல். எங்கள் கடையில் ஆப் அண்ணாச்சி போனில் மட்டும் இருந்தது, அவர் குடோனுக்குப் போனால் நாங்கள் குருடுதான். என் விஷயத்துக்குப் பிறகு இரண்டு கவுண்டருக்கும் பழைய போன் ஒவ்வொன்று வந்தது. பணியாள் லாகின், வரவைப் பார்க்க மட்டும் முடியும், வெளியே அனுப்ப முடியாது. முதலாளி அதைத் தராவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். பட்டியலைப் பார்க்க விடாமல் பள்ளத்தை மட்டும் நம் சம்பளத்தில் பிடிப்பது நியாயமில்லை. இதை அண்ணாச்சியிடம் நேராகவே சொன்னேன், அவர் மறுக்கவில்லை. (அந்த 3,860 மட்டும் திரும்பி வரவில்லை.)

அடி வாங்கியவர்களுக்கு வரும் அடுத்த வியாதி எனக்கும் வந்தது, எல்லோரையும் திருடர்களாகப் பார்ப்பது. பிப்ரவரி முதல் வாரம், காலை பதினோரு மணி, கூட்டமே இல்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, பில் 275. ஸ்கேன் செய்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. "ஏம்மா, நிறையப் போயிடுச்சு போல இருக்கே" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் எங்ககிட்ட நடக்காதும்மா, சைபர் கதை எல்லாம் கேட்டாச்சு" என்றேன். பக்கத்தில் பால் வாங்க வந்தவர்கள் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கியதை இப்போதும் மறக்க முடியவில்லை.

பட்டியலில் இருந்தது 27,500 ரூபாய். அவர் பெயர், அதே நிமிடம், கடைசி நான்கு இலக்கமும் ஒத்துப்போனது. எங்கள் பில்லில் மொத்தம் 275.00 என்று பைசாவோடு அச்சாகும். பார்த்ததை அப்படியே தட்டியிருக்கிறார், புள்ளியை மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் பென்ஷன் வந்ததாம், அதனால் கணக்கில் அவ்வளவு இருந்தது. ஒருவரை அவமானப்படுத்திவிட்டு உண்மை தெரிவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன், மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, பணம் வந்தா போதும்" என்றார். தாளில் அதனால் ஒரு வரி: "பாத்துட்டுச் சொல்றேன்" என்பதைத் தவிர முதலில் வேறு எதுவும் பேசாதே. வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த ஒரு வாக்கியம் பொருந்தும்.

கூடுதலாக வந்த பணத்தை எப்படித் திருப்புவது என்பதற்கு வருகிறேன். வெற்றியாகிவிட்ட பணப் பரிமாற்றத்தை ரத்து செய்ய முடியாது. வாடிக்கையாளரும் முடியாது, நாமும் முடியாது. "கேன்சல் பண்ணுங்க" என்று அவர்கள் சொல்வது நாம் திருப்பி அனுப்புவதைத்தான். வியாபார ஆப்பில் அந்த வரவைத் தொட்டால் `Refund` என்று இருக்கும். அதில் தொகையை நாமே குறிப்பிட்டுப் பகுதியாகவும் அனுப்பலாம். அன்றைக்கு 27,500-ல் 275 போக 27,225 அனுப்ப வேண்டும். அந்த அதிகாரம் அண்ணாச்சி லாகினில் மட்டும் இருந்தது, அவர் கொத்தவால் சாவடியில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார். போனில் இரண்டு தரம் எண்ணைப் படித்துக் காட்டி, அவர் அனுப்பி, அந்த அம்மாவின் போனில் பேங்க் மெசேஜ் வர நாற்பது நிமிடம் ஆனது. பெரும்பாலும் உடனே வந்துவிடும், சில சமயம் ஓரிரு நாள்கூட ஆகியிருக்கிறது. எனவே "இப்பவே வந்துடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பில் நகலில் வந்த எண், திருப்பிய எண் இரண்டையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பகுதியாக அனுப்பும் வசதி இல்லாத ஆப் என்றால் முழுத் தொகையையும் திருப்பிவிட்டுச் சரியான தொகையைப் புதிதாக வாங்க வேண்டும். திருப்பியது போய்ச் சேரும் வரை பொருள் கவுண்டரிலேயே இருக்கட்டும்.

கடையின் க்யூஆர் சொந்தக் கணக்கில் இருந்தால், சின்னக் கடைகளில் அப்படித்தான் இருக்கும், திருப்பும் பொத்தானே வராது. அப்போது பணம் வந்த அதே யூபிஐ ஐடிக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். "இந்த நம்பருக்குப் போட்டுடுங்க, அது என் தம்பி நம்பர்" என்பதற்கு மசியாதீர்கள். கேஷாகவும் தரக் கூடாது, பணம் நிஜமாகவே வந்திருந்தாலும்கூட.

வந்ததைத்தானே கொடுக்கிறோம், என்ன தப்பு என்று நானும் கேட்டேன். எங்கள் தெருவிலேயே மொபைல் கவர் விற்கும் ஒருவருக்கு நடந்தது. ஒரு பையன் 150 ரூபாய்க்குக் கவர் வாங்கி 5,150 போட்டுவிட்டு, ஏடிஎம் வேலை செய்யவில்லை என்று 5,000 கேஷாக வாங்கிப் போனான். பணம் உண்மையாகவே வந்திருந்தது. மூன்று வாரம் கழித்து இவர் பேங்க் கணக்கு முடக்கப்பட்டது. வேறெங்கோ ஒருவரிடம் ஆன்லைனில் ஏமாற்றிய பணம் அது. அவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுக்க, பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்து கடைசியில் இந்தக் கடைக் கணக்கில் நின்றது. பையன் கையில் கேஷ், இவர் கையில் விளக்கக் கடிதங்கள். வந்த கணக்குக்கே திருப்பியிருந்தால் பணம் வந்த வழியே போயிருக்கும், காட்ட ஆதாரமும் இருந்திருக்கும். ஏடிஎம் மாதிரி நம்மைப் பயன்படுத்தக் கேட்பவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்ல. ஆனால் எவர் எப்படி என்று கல்லாவில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

குறைவாகப் போட்டுவிட்டால் இவ்வளவு வேதனை இல்லை. 1,240-க்கு 124 போடுவார்கள், அல்லது 1,204. ஆள் எதிரில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் மீதியை, 124 போட்டிருந்தால் 1,116-ஐ, இன்னொரு ஸ்கேனிலோ கேஷிலோ வாங்கிக்கொண்டு, பில்லிங்கில் இரண்டாகப் பிரித்துப் பதிய வேண்டியதுதான். ஒரே வகையில் பதிந்தால் இரவில் மேலே சொன்ன மாதிரி ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும். தடுக்கச் சுலபமான வழி, ஸ்கேன் செய்யும் முன் தொகையைச் சத்தமாகச் சொல்வது: "ஆயிரத்து இருநூற்று நாற்பது சார்." எங்கள் பில்லிலும் அந்த அம்மா வந்த பிறகு மொத்தத்தில் பைசாவை எடுத்துவிட்டோம். பில்லிங் மிஷினே தொகையோடு க்யூஆரைத் திரையில் காட்டும் வசதி இருந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை, வாடிக்கையாளர் எதையும் தட்ட வேண்டியதில்லை. எங்கள் அண்ணாச்சி அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்கிறார்.

கடைசியாக, இரண்டு பேர் மேலும் தப்பில்லாத ஒன்று. அவருக்குப் பேங்கிலிருந்து பணம் பிடித்த மெசேஜ் வந்திருக்கும், நம் பட்டியலில் ஒன்றும் இருக்காது. ஏப்ரலில் உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பி, 540 ரூபாய். திரை சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு `Pending` என்று நின்றது. பேங்க் மெசேஜைக் காட்டினான், நிஜமான மெசேஜ்தான். ஆனால் பட்டியலில் இல்லாத பணத்துக்கு நான் பொருள் தர முடியாது. "திரும்ப கேஷ் குடுத்தா என் 540 யாருக்கா போகும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பையில் இருந்த கசங்கிய நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2019-ல் ரிசர்வ் பேங்க் போட்ட விதி இருக்கிறது. யூபிஐயில் கடைக்குச் செலுத்தும்போது கணக்கில் பணம் பிடித்து, கடைக்கு உறுதி வராமல் போனால், பணம் செலுத்திய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் பாதிச் சண்டை அடங்கிவிடுகிறது. அதோடு அவர் கண் எதிரிலேயே கல்லா நோட்டில் பன்னிரண்டு இலக்க எண், நேரம், தொகை, போன் நம்பர் நான்கையும் எழுதுங்கள். இரண்டாவது முறை கேஷ் கொடுப்பதா, பொருளை வைத்துவிட்டுப் போவதா என்பது அவர் இஷ்டம், நாம் வற்புறுத்தக் கூடாது. மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்வதைவிட ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்வது நல்லது. நின்றுபோன பணம் நம் பக்கம் தாமதமாக வந்து சேரவும் செய்யும், அப்போது இரண்டு தடவை வாங்கியதாகிவிடும்.

அந்தத் தம்பி விஷயத்தில் அதுதான் நடந்தது. நம்பரை மட்டும் நல்லவேளையாக ஒரு பில் முதுகில் எழுதி வைத்திருந்தேன். அன்று இரவு கணக்கு முடிக்கும்போது பட்டியலில் 540 உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தான். "தம்பி, நேத்து உங்க 540 ரூபாய் லேட்டா எங்களுக்கு வந்துடுச்சு, திருப்பி அனுப்பணும்" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு நொடி அமைதி. "காலைலயே ஆரம்பிச்சிட்டீங்களா? ஓடிபி எல்லாம் சொல்ல முடியாது" என்று போனை வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பையன் விவரமாகத்தான் இருக்கிறான். திருப்பி அனுப்ப அவனிடமிருந்து ஓடிபியோ பின்னோ எதுவும் வேண்டியதில்லை. அண்ணாச்சி அந்த வரவைத் தொட்டு 540-ஐத் திருப்பினார். அவன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து கவுண்டர் எதிரில் நெளிந்துகொண்டு நின்றான். "அக்கா, அது நீங்கதானா?"